பாதிக் கேள்விகள் பிழைத்தாலும் பாஸ்: விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். நம்ம றக்வானப் பக்கத்துப் பிள்ளைகளில் தாதியர் படிப்பு முடித்து மத்திய கிழக்கில் வேலை செய்கிறவர்கள் சிலர், இப்போது அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா என்று முயற்சி செய்கிறார்கள். மூன்று நாட்டுக்கும் பொதுவாக ஒரு பரீட்சை குறுக்கே நிற்கிறது. பெயர் என்க்லெக்ஸ். அமெரிக்காவில் 1994 முதல் கணினியில் நடக்கிறது. கனடா 2015இலும் அவுஸ்திரேலியா 2020இலும் அதையே எடுத்துக்கொண்டன. நமக்குக் கிட்டத்தில், சென்னையிலும் அதற்கு மையம் இருக்கிறது.

அதை எழுதிவிட்டு வருகிறவர்கள் சொல்வது வீட்டாருக்கு விளங்குவதில்லை. "எத்தனை கேள்வி?" என்று கேட்டால் ஒருவர் 85 என்கிறார், இன்னொருவர் 112 என்கிறார், மற்றவர் 150 என்கிறார். "எத்தனை சரி?" என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பாதி பிழைத்திருக்கும் என்று அழுதவர் பாஸ். இதென்ன குலுக்கலா என்று ஒரு வாப்பா என்னிடம் நேராகவே கேட்டார். குலுக்கல் இல்லை. ஒழுங்கான கணக்கு. கலாசாலையில் கணிப்பீடும் மதிப்பீடும் என்ற பாடத்தில் ஒரு பக்கத்தில் கடந்துபோன விஷயம் இது. பிறகு நானாகத் தேடிப் படித்தேன். அதை நமக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பொருளின் எடை தெரியாது. ஒரு தட்டில் அதை வைக்கிறோம். மற்றத் தட்டில் ஒரு கிலோப் படியை வைக்கிறோம். படி இறங்குகிறது, அதாவது பொருள் ஒரு கிலோவுக்குக் குறைவு. படியை எடுத்துவிட்டு அரைக் கிலோ வைக்கிறோம். இப்போது பொருள் இறங்குகிறது. கூடவே கால் கிலோ வைக்கிறோம். ஒவ்வொரு தரமும் எந்தப் படியை எடுப்பது என்பதை முன்னால் தட்டு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதுதான் தீர்மானிக்கிறது. அரைக் கிலோச் சாமானை நிறுக்க யாரும் ஐம்பது கிலோப் படியைத் தூக்குவதில்லை. அந்தப் படி எப்படியும் இறங்கும், அதனால் தெரியவருவது ஒன்றுமில்லை.

நம்ம வழக்கமான வினாத்தாளில் எல்லாப் படியையும் எல்லோருக்கும் தூக்கிக் காட்டுகிறோம். நன்றாகப் படிக்கும் பிள்ளை முதல் இருபது கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும், அந்த இருபதும் அந்தப் பிள்ளையைப் பற்றி நமக்குப் புதிதாக எதுவும் சொல்லாது. பின்தங்கிய பிள்ளைக்குக் கடைசி இருபது கேள்வியும் அதே மாதிரித்தான். இருவரையுமே நாற்பதில் பாதிக் கேள்விகளால்தான் அளக்கிறோம். மீதி நேரம் வீண்.

கணினி இல்லாமலே இதைச் சரிசெய்யலாம். இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு 2005 முதல் அசர் என்ற பெயரில் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் தமிழிலேயே நடக்கிறது. ஒரு தாளில் எழுத்துகள், சொற்கள், ஒரு சிறு பந்தி, ஒரு கதை என்று நான்கு பகுதி. வந்தவர் பிள்ளையிடம் முதலில் எழுத்தைக் காட்டுவதில்லை, நடுவில் இருக்கும் பந்தியைத்தான் காட்டுகிறார். பிள்ளை தடங்கலில்லாமல் வாசித்தால் அடுத்தது கதை. வாசிக்க முடியாவிட்டால் அடுத்தது சொற்கள், ஐந்தில் நான்காவது சரியாக வேண்டும். அதுவும் முடியாவிட்டால் எழுத்துகள். இரண்டு மூன்று படியில் பிள்ளை நிற்கும் இடம் தெரிந்துவிடுகிறது. நல்லா வாசிக்கிற பிள்ளை 'அ' 'ஆ' சொல்லி அலுத்துப்போவதுமில்லை, எழுத்தே தெரியாத பிள்ளை கதையைப் பார்த்து விழி பிதுங்குவதுமில்லை.

என்க்லெக்ஸ் செய்வது இதைத்தான். ஆனால் அங்கே நான்கு படி இல்லை, ஆயிரக்கணக்கான கேள்விகள் உள்ள ஒரு வங்கி. இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது, அதுதான் முக்கியம். தராசு பொய் சொல்லாது. மனிதர் அப்படியில்லை. தெரிந்த கேள்வியையும் அவசரத்தில் பிழைப்பார், தெரியாததையும் ஊகித்துச் சரியாக்குவார். ஆகவே ஒரு விடையைப் பார்த்து முடிவு கட்ட முடியாது. அங்கேதான் கணக்கு வருகிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் கெயோர்க் ராஷ் 1960இல் எழுதிய ஒரு புத்தகத்தில் இதற்கு எளிய வழி சொன்னார். கேள்வியின் கடினத்தையும் எழுதுகிறவரின் திறனையும் ஒரே அடிமட்டத்தில் குறியுங்கள் என்றார். அந்த அடிமட்டத்தின் அலகுக்கு லொஜிட் என்று பெயர். நடுவில் பூச்சியம், வலப்பக்கம் +1, +2, இடப்பக்கம் −1, −2. உங்கள் திறனும் கேள்வியின் கடினமும் ஒரே இடத்தில் இருந்தால் நீங்கள் சரியாகச் செய்ய 50 சதவீத வாய்ப்பு. கேள்வி உங்களைவிட ஒரு அலகு இலேசு என்றால் 73 சதவீதம், இரண்டு அலகு இலேசு என்றால் 88. ஒரு அலகு கடினம் என்றால் 27, இரண்டு அலகு என்றால் 12. இவ்வளவுதான் அடிப்படை. என்க்லெக்ஸ் ராஷின் இந்த முறையில்தான் ஓடுகிறது.

இப்போது கணினி எந்தக் கேள்வியை எடுக்கும்? உங்களுக்கு 50 சதவீத வாய்ப்புள்ள கேள்வியை. ஏன் என்று பாருங்கள். ஒரு கேள்வியிலிருந்து கிடைக்கும் தகவலின் அளவு, சரியாகும் வாய்ப்பைப் பிழைக்கும் வாய்ப்பால் பெருக்கி வருவது. வாய்ப்பு 50க்கு 50 என்றால் 0.5 × 0.5 = 0.25. இதற்கு மேல் போகவே முடியாது. 88 சதவீதம் சரியாகும் கேள்வியில் 0.88 × 0.12, சுமார் 0.11. 95 சதவீதம் சரியாகும் கேள்வியில் 0.05கூட வராது. அதாவது மிக இலேசான ஐந்து கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வதை, சரியான மட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதிலிருந்தே ஒரு விஷயம் தானாக வருகிறது. ஒவ்வொரு கேள்வியும் உங்களுக்குப் பாதி வாய்ப்புள்ளதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டால், கெட்டிக்காரரும் கிட்டத்தட்டப் பாதியைப் பிழைப்பார், பின்தங்கியவரும் கிட்டத்தட்டப் பாதியைப் பிழைப்பார். எத்தனை சரி என்ற எண்ணிக்கைக்கு இங்கே பெறுமதி கிடையாது. எந்த உயரத்தில் நின்று பாதி சரி என்பதுதான் பேச்சு. +1இல் நின்று பாதி சரி செய்தவர் பாஸ். −1இல் நின்று அதே அளவு சரி செய்தவர் பெயில்.

ஒரு உதாரணத்தைக் கையால் செய்து பார்ப்போம். இலக்கங்கள் நான் வைத்தவை. கணக்கு உண்மையானது.

ஒருவர் பரீட்சைக்கு உட்காருகிறார். அவரைப் பற்றிக் கணினிக்கு எதுவும் தெரியாது. கொஞ்சம் இலேசாக, −1இல் ஒரு கேள்வி தருகிறது. சரி. பிழையே வராதவரை அவருடைய மேல் எல்லை எங்கே என்று கணிக்க முடியாது, ஆகவே ஒரு அலகு ஏறி 0இல் அடுத்த கேள்வி. அதுவும் சரி. இன்னொரு அலகு ஏறி +1இல் மூன்றாவது. அது பிழை.

இப்போதுதான் கணினிக்குக் கணிக்க வழி கிடைக்கிறது. மூன்றில் இரண்டு சரி. எந்தத் திறன் உள்ளவரிடம் இந்தக் கேள்விகளில் சராசரியாக இரண்டு சரி எதிர்பார்க்கலாம்? 0.8 என்று வைத்துப் பாருங்கள். அந்தத் திறனுக்கு முதல் கேள்வி சரியாக 86 சதவீத வாய்ப்பு, இரண்டாவதுக்கு 69, மூன்றாவதுக்கு 45. கூட்டினால் 200 சதவீதம், அதாவது சரியாக இரண்டு. ஆகவே இப்போதைய மதிப்பீடு 0.8.

நான்காவது கேள்வி அதே 0.8 கடினத்தில் வருகிறது. சரி. அதே கணக்கைத் திரும்பப் போட்டால் மதிப்பீடு 1.45க்கு ஏறுகிறது. ஐந்தாவது கேள்வி 1.4இல். பிழை. மதிப்பீடு 0.94க்கு இறங்குகிறது. ஆறாவது 0.9இல். சரி. மதிப்பீடு 1.33.

ஏற்ற இறக்கத்தைக் கவனியுங்கள். முதலில் 0.65 ஏறியது, பிறகு 0.51 இறங்கியது, பிறகு 0.39 ஏறியது. ஊஞ்சல் ஓய்கிற மாதிரி ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடச் சின்னது. கேள்வி கூடக்கூட ஒரு தனி விடையின் பலம் குறைகிறது. அறுபதாவது கேள்வியில் ஒரு பிழை விட்டால் மதிப்பீடு கண்ணுக்குத் தெரியாத அளவுதான் அசையும். ஆரம்பத்தில் பதற்றத்தில் ஒன்றிரண்டு பிழைத்தவரும் இதனால்தான் தப்புகிறார். அவருக்கு அதற்குப் பிறகு இலேசான கேள்விகள் வரும், அவற்றைச் சரியாகச் செய்து கொண்டே மேலே ஏறிவிடுவார்.

அடுத்தது, பரீட்சை எப்போது நிற்கும் என்ற கேள்வி. வீடுகளில் அதிகம் குழப்பம் இதில்தான்.

என்க்லெக்ஸின் பாஸ் கோடு 2013 முதல் இந்த அடிமட்டத்தில் 0.00 லொஜிட்டில் இருக்கிறது. கணினிக்கு உங்கள் சரியான உயரம் தேவையில்லை, நீங்கள் கோட்டுக்கு மேலா கீழா என்பது மட்டும் தேவை. அதை 95 சதவீத நிச்சயத்தோடு சொல்ல முடிந்த நொடியில் நிறுத்திவிடும். ஆனால் குறைந்தது 85 கேள்வி கேட்டாக வேண்டும், கூடியது 150க்கு மேல் கேட்க முடியாது. மொத்தம் ஐந்து மணித்தியாலம். 2023 ஏப்ரலில் பரீட்சை புது வடிவத்துக்கு மாறியது முதல் இந்த எண்ணிக்கைதான்.

நிச்சயம் எப்படிக் கூடுகிறது? கேள்விகள் உங்கள் மட்டத்திலேயே வந்தால் மதிப்பீட்டின் தடுமாற்றம், 2ஐக் கேள்வி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. 4 கேள்விக்குத் தடுமாற்றம் 1. 16 கேள்விக்கு அரை. நான்கு மடங்கு கேட்டால்தான் பாதியாகும். 85இல் 15 கேள்விகளுக்குப் புள்ளி இல்லை, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். மீதி 70 கேள்விகளுக்குத் தடுமாற்றம் 0.24. அதை 95 சதவீத நிச்சயத்துக்கு மாற்றினால் சுமார் 0.4. இது கையால் போட்ட கணக்கு. உண்மைப் பரீட்சையில் பாதி விடைக்குப் பாதிப் புள்ளி தரும் கேள்விகளும் இருப்பதால் கொஞ்சம் மாறும், போக்கு இதுதான்.

ஆகவே 85ஆவது கேள்வி முடியும்போது உங்கள் மதிப்பீடு +0.6 என்றால், தடுமாற்றத்தைக் கழித்தாலும் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறீர்கள். பரீட்சை நிற்கும், பாஸ். −0.6 என்றால் தடுமாற்றத்தைக் கூட்டினாலும் கோட்டுக்குக் கீழேதான். அதுவும் நிற்கும், பெயில். +0.1 என்றால் கணினியால் எதுவும் சொல்ல முடியாது, இன்னும் கேட்டுக்கொண்டே போகும். 150 வரை போனால் 95 சதவீதம் என்ற நிபந்தனையை விட்டுவிட்டு, கடைசி மதிப்பீடு கோட்டுக்கு மேலா கீழா என்று மட்டும் பார்க்கும்.

என் சாச்சியின் மகள் கட்டாரில் தாதியாக இருக்கிறாள். எழுதிவிட்டு வெளியே வந்து எனக்குத்தான் முதலில் கோல் எடுத்தாள். "நானா, எம்பத்தஞ்சோட ஸ்க்ரீன் நின்டுட்டு. ஒவ்வொன்டும் கஷ்டம். பாதிக்கு மேல பிழைச்சிருப்பன்" என்று அழுகை. நான் சொன்னது இதுதான்: 85இல் நின்றால் நீ கோட்டிலிருந்து தூரத்தில் இருக்கிறாய், எந்தப் பக்கம் என்று உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. முடிவு வரும்வரை அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. பாஸ். அவளோடு சேர்ந்து படித்த ஒருவருக்கு 150 வரை போய்ப் பாஸ். இன்னொருவருக்கு அதே 85இல் நின்று பெயில். மூன்று பேர் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வி எண்ணிக்கையை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பது விளங்கும். எண்ணிக்கை நீங்கள் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை மட்டும் சொல்லும்.

கடைசிக் கேள்வி இலேசாக இருந்தது, அதனால் பெயில் என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் நம்பக்கூடாது. முதல் காரணம், கணினி கடினத்தை மட்டும் பார்த்துக் கேள்வி எடுப்பதில்லை. மருந்து, தொற்றுத்தடுப்பு, மனநலம் என்று ஒவ்வொரு பகுதியிலிருந்தும் இத்தனை வீதம் வரவேண்டும் என்று திட்டம் இருக்கிறது. எந்தப் பகுதியில் குறை இருக்கிறதோ அங்கே போய், உங்கள் மட்டத்துக்குக் கிட்டிய கேள்விகள் சிலவற்றில் ஒன்றை எடுக்கும். இரண்டாவது காரணம், அந்தப் புள்ளியில்லாத 15 கேள்விகள்.

அவற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுக் கட்டடமும் அதன்மேல்தான் நிற்கிறது. இந்தக் கேள்வியின் கடினம் 0.9, அதனுடையது 1.4 என்று யார் சொன்னது? ஆசிரியர்கள் நாங்கள் எழுதும்போது இது இலேசு, இது கடினம் என்று ஊகிப்போம். அந்த ஊகம் அடிக்கடி பிழைக்கும். நான் மிக இலேசு என்று நினைத்துப் போட்ட கணக்கில் வகுப்பில் முக்கால்வாசி விழுந்த நாட்கள் உண்டு. கேள்வியின் கடினத்தை எழுதுகிறவர்களின் விடைகள்தான் சொல்ல வேண்டும். அதற்காகப் புதுக் கேள்விகளை உண்மைப் பரீட்சைக்குள்ளேயே கலந்து விடுகிறார்கள். எது பரீட்சார்த்தக் கேள்வி என்று யாருக்கும் தெரியாது, அதனால் எல்லோரும் முழு மனதோடு விடை எழுதுவார்கள். போதிய பேர் விடை எழுதிய பிறகு அந்தக் கேள்விக்கு அடிமட்டத்தில் இடம் குறிக்கப்படுகிறது, அதன் பிறகுதான் புள்ளிக்கு வரும். உங்களுக்கு நடுவில் திடீரென்று விசித்திரமாக இலேசாகவோ கடினமாகவோ ஒன்று வந்தால் அது இந்தப் பதினைந்தில் ஒன்றாகவும் இருக்கலாம்.

இந்த முறையில் பிழைக்கக்கூடிய இடமும் இதே கேள்வி வங்கிதான். அமெரிக்காவில் ஜி.ஆர்.ஈ. என்ற பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை கணினிக்கு மாறிய புதிதில், 1994இல், கப்லன் என்ற டியூஷன் நிறுவனம் தன் ஊழியர்களையே பரீட்சைக்கு அனுப்பியது. அவர்கள் கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு வந்து ஒப்புவித்தார்கள். பெரும்பகுதி கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது தெரிந்தது. பரீட்சை நடத்திய நிறுவனம் கணினிப் பரீட்சையைச் சில நாள் நிறுத்திவைத்து, வழக்கும் போட்டது. 2002இல் இதைவிடப் பெரிதாக நடந்தது. சீனா, தென் கொரியா போன்ற இடங்களில் எழுதியவர்கள் ஞாபகத்தில் இருந்த கேள்விகளை இணையத்தில் எழுதிவிட, அங்கே கணினிப் பரீட்சையை விட்டுக் கடதாசிப் பரீட்சைக்கே திரும்பவேண்டி வந்தது.

ஏன் அப்படி நடக்கிறது என்றால், எந்தக் கேள்வி மிகப் பொருத்தமோ அதையே கணினி எடுக்கப் பார்க்கும். விட்டால் ஒரே மட்டத்தில் உள்ள ஆயிரம் பேருக்கும் ஒரே கேள்வியைத் தரும். அதனால்தான் மிகப் பொருத்தமான ஒன்றை எடுக்காமல், பொருத்தமான சிலவற்றில் குலுக்கி ஒன்றை எடுக்கிறார்கள். கொஞ்சம் கூர்மை குறையும், ஆனால் கேள்விகள் பழசாகாமல் இருக்கும்.

நமக்கு 2024 புலமைப்பரிசில் பரீட்சை நினைவிருக்கும். மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி, கடைசியில் அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்கும்படி உயர் நீதிமன்றம்வரை போய் முடிந்தது. அங்கே எல்லோருக்கும் ஒரே தாள், அதனால் அப்படித் தீர்க்க முடிந்தது. ஆளுக்கொரு கேள்வி வரும் பரீட்சையில் அந்த வழி கிடையாது. யாருக்கு எது வெளியே கிடைத்தது, யாருக்கு எது வந்தது என்று பிரிக்கவே முடியாது. எங்கள் புலமைப்பரிசிலையும் இப்படி நடத்தலாமே என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். ஒவ்வொரு வருடமும் வினாத்தாளைக் கடையில் விற்கும் பரீட்சைக்குக் கேள்வி வங்கி நிற்காது. தமிழுக்கும் சிங்களத்துக்கும் தனித்தனியாகப் பிள்ளைகளிடம் சோதித்துக் கடினம் குறித்த ஆயிரக்கணக்கான கேள்விகள் வேண்டும், அவை இரகசியமாகவும் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் தாதிப் பிள்ளைகளுக்கு வேலைக்கு உதவக்கூடிய மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன். மூன்றும் மேலே சொன்ன கணக்கிலிருந்தே வருபவை.

ஒன்று. கேள்வியைத் தாண்டிப் போக முடியாது, திரும்பிப் போகவும் முடியாது. உங்கள் விடையை வைத்துத்தானே அடுத்தது வருகிறது, அதை மாற்ற விட்டால் பின்னால் வந்தது எல்லாம் பொருந்தாமல் போகும். ஆகவே "தெரிந்ததை முதலில் செய், மீதியைப் பிறகு பார்" என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது அங்கே செல்லாது. வீட்டில் பழகும்போதே ஒவ்வொரு கேள்வியிலும் முடிவெடுத்துவிட்டு நகரப் பழகுங்கள். தெரியாத கேள்வியில் நேரத்தை ஊற்றாதீர்கள். 85க்கு முன்னால் நேரம் முடிந்தால் நேரே பெயில்.

இரண்டு. 85 தாண்டியும் கேள்வி வருகிறதென்றால் பதறாதீர்கள். நீங்கள் கோட்டுக்குக் கிட்ட நிற்கிறீர்கள், இன்னும் முடிவாகவில்லை என்று மட்டும் அர்த்தம். மனம் உடைந்து அதற்குப் பிறகு கண்டபடி அமத்திக்கொண்டு போனால், தொடர்ந்து பிழைகள் சேர்ந்து மதிப்பீடு மெல்ல மெல்லக் கீழே இழுபடும். கோட்டுக்குக் கிட்ட நிற்பவருக்கு அந்தச் சிறு இறக்கமே போதும்.

மூன்று. "வந்த கேள்விகள்" என்று வட்ஸ்அப்பில் விலைக்கு வரும் பீடிஎஃப் வாங்காதீர்கள். வங்கி பெரியது, அந்தக் கேள்விகள் உங்களுக்கு வர வாய்ப்புக் குறைவு. இரண்டு மூன்று வந்து சரியாகிவிட்டாலும் கணினி உங்களைக் கெட்டிக்காரர் என்று எண்ணி அதைவிடக் கடினமானதைத் தரும், அதில் விழுந்து பழைய இடத்துக்கே வருவீர்கள். பிடிபட்டால் பரீட்சையே இரத்தாகும். நம்ம பிள்ளைகள் பலர் சம்பளத்தில் மிச்சம்பிடித்த காசில்தான் இதற்குக் கட்டணம் கட்டுகிறார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. பெயில் என்று வந்தால் பிள்ளையிடம் "எத்தனை பிழை?" என்று கேட்காதீர்கள், அதற்கு விடை இல்லை. பெயிலானவர்களுக்கு ஒரு அறிக்கை வரும். ஒவ்வொரு பாடப் பகுதியிலும் கோட்டுக்கு மேலே, கிட்ட, கீழே என்று அதில் போட்டிருக்கும். அதை வாங்கிப் பார்த்து, கீழே என்று உள்ள பகுதியில் முதலில் உட்காரச் சொல்லுங்கள். திரும்ப எழுத 45 நாள் இடைவெளி விட வேண்டும். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த 45 நாளும் வீணாகாது.

கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள், பாடசாலை விட்டு வந்து பதில் போடுகிறேன். எழுதக் காத்திருக்கும் பிள்ளை உள்ள வீடு எதுவும் தெரிந்தால் இதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.